எலும்புக்கூட்டின் வயதைக் கணிப்பது எப்படி: இடுப்பெலும்பும் மண்டையோடும்

புதர்க்காட்டிலோ பாழுங்கிணற்றிலோ கிடைத்த எலும்புகள் காவல் துறையின் சாக்குப்பையில் மருத்துவக் கல்லூரியின் தடய மருத்துவத் துறைக்கு வரும். கூடவே ஒரு கடிதமும் வரும். மனித எலும்புதானா, ஒருவருடையதா பலருடையதா, ஆணா பெண்ணா, வயது என்ன, உயரம் எவ்வளவு, இறந்து எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று அதில் வரிசையாகக் கேட்டிருப்பார்கள். இவற்றில் வயதுக்கான பதில்தான் காணாமல் போனோர் பட்டியலை உடனடியாகச் சுருக்கும். அதில் தவறினால் சரியான ஆளின் பெயர் பட்டியலிலிருந்து அடிபட்டுப் போகும். அதனால் புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் முதலில் பழக வேண்டியது வயதைக் குறுக்குவதற்கல்ல, எவ்வளவு குறுக்கலாம் என்பதற்கு.

வளர்ந்த மனிதரின் எலும்பில் வயது பார்க்க இந்த வழிகாட்டி இரண்டு இடங்களை எடுத்துக்கொள்கிறது: இடுப்பெலும்பு, மண்டையோடு. இரண்டுக்கும் சம மதிப்பு கிடையாது. மண்டையோடு கண்ணில் முதலில் படும்; எல்லோரும் அதைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள். வயதைப் பொறுத்தவரை அது இரண்டாம்தரச் சாட்சி. இடுப்பெலும்பில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சிறிய பரப்பு அதைவிட நன்றாகப் பேசும்.

முதலில் எலும்பைக் கெடுக்காமல் தயார் செய்யுங்கள்

தசையும் தசைநாரும் ஒட்டியிருந்தால் எலும்பின் பரப்பு தெரியாது. கத்தியால் சுரண்டாதீர்கள். டி.என்.ஏ. ஆய்வுக்கு வேண்டிய பல்லையும் எலும்புத் துண்டையும் முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டு, மீதியைச் சலவைத்தூள் கலந்த வெந்நீரில் மெல்லிய சூட்டில் ஊறவிட வேண்டும். கொதிக்கவிட்டால் இளவயது எலும்பின் மென்மையான விளிம்புகள் உதிரும். வெளுப்பான்களைத் தவிர்த்துவிடுங்கள், அவை பரப்பை அரித்து, இல்லாத துளைகளை உண்டாக்கும். பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காய்ந்தால் விரிசல் விடும்.

மண்ணில் கிடந்த எலும்பாக இருந்தால் மென்மையான பல்துலக்கும் பிரஷ் போதும். ஆனால் இப்போது சொல்லப்போகும் மூட்டுப் பரப்புகளில் அதையும் தேய்க்கக்கூடாது. தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டால் போதும். அங்கே ஒரு மில்லிமீட்டர் உதிர்ந்தாலும் பத்தாண்டு கூடிவிடும்.

வளர்ச்சி முடிந்துவிட்டதா?

வயதுக் கணிப்பு அடிப்படையில் இரண்டு வேறுபட்ட வேலைகள். இளவயதில் நாம் பார்ப்பது வளர்ச்சியை. எலும்புகள் தனித்தனித் துண்டுகளாகத் தோன்றி, ஓரளவு ஒழுங்கான காலத்தில் ஒன்றோடொன்று இணைகின்றன. அந்த ஒழுங்கு இருப்பதால் கணிப்பும் நெருக்கமாக வரும். வளர்ச்சி முடிந்த பிறகு நாம் பார்ப்பது தேய்மானத்தை. அது ஆளுக்கு ஆள் மாறும். எனவே கையில் இருப்பது எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

இடுப்பெலும்பு பிறக்கும்போது மூன்று துண்டு. தொடையெலும்பின் பந்து பொருந்தும் குழியில் மூன்றும் சந்திக்கும். பதின்பருவத்தின் முற்பகுதியிலோ நடுவிலோ அவை அங்கே இணைந்துவிடும். அதன் பிறகு, இடுப்பில் கை வைத்தால் தட்டுப்படும் அந்த மேல்முகட்டின் மீது ஒரு தனி எலும்புப் பட்டை உருவாகி, மெல்ல மெல்ல உடலோடு ஒட்டும். கொரியப் போரில் இறந்த அமெரிக்கப் படைவீரர்களின் எலும்புகளை ஆராய்ந்து மெக்கெர்னும் ஸ்டூவர்ட்டும் 1957இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தப் பட்டை 23 வயதுக்குள் முழுமையாக ஒட்டிவிடுகிறது. பட்டை பிரிந்திருந்தாலோ, ஒட்டிய கோடு இன்னும் தெளிவாகத் தெரிந்தாலோ, கையில் இருப்பது இளைஞரின் எலும்பு.

மண்டையோட்டின் அடிப்பக்கத்திலும் இதற்கு ஒரு துணைச் சான்று உண்டு. தண்டுவடம் இறங்கும் பெருந்துளைக்கு முன்னால் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு குருத்தெலும்பு இடைவெளி இருக்கும். பழைய பாடநூல்கள் இது 18 முதல் 25 வயதுக்குள் மூடுகிறது என்றன. இன்றைய சி.டி. ஸ்கேன் ஆய்வுகள் அதைவிட முன்னதாகவே மூடுவதைக் காட்டுகின்றன: பெண்களுக்கு ஏறத்தாழ 11 முதல் 16 வயதுக்குள், ஆண்களுக்கு 13 முதல் 18க்குள். ஆகவே மூடியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக "25 வயதுக்கு மேல்" என்று எழுதிவிடாதீர்கள். திறந்திருந்தால் மட்டுமே அது உறுதியாகப் பேசும். அது வளரிளம் பருவத்தவரின் எலும்பு.

ஆணா பெண்ணா என்பதை முடித்துவிட்டு மேலே போங்கள்

வயது அட்டவணைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு. பெண்ணின் இடுப்பெலும்பில் ஆணுக்கான அட்டவணையைப் போட்டால் விடை பல ஆண்டுகள் விலகிப் போகும். இடுப்பெலும்பு முழுதாக இருந்தால் பால் கண்டறிவது கடினமல்ல. முன்புறம் இரண்டு எலும்புகளும் சேருமிடத்துக்குக் கீழே உள்ள கோணம் பெண்ணுக்கு அகலம், ஆணுக்குக் குறுகல். பின்புறம் பெரிய நரம்பு இறங்கும் வளைவும் அப்படியே. இதைத் தீர்த்துவிட்டுத்தான் வயதுக்குப் போக வேண்டும்.

முன்மூட்டு: முதன்மைச் சாட்சி

அடிவயிற்றுக்குக் கீழே வலது, இடது இடுப்பெலும்புகள் நேருக்கு நேர் சந்திக்கும் இடத்துக்கு மருத்துவத்தில் பியூபிக் சிம்ஃபைசிஸ் என்று பெயர். இங்கே முன்மூட்டு என்றே சொல்கிறேன். இரண்டுக்கும் நடுவே குருத்தெலும்பு இருந்தது. அது அழிந்த பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 4 செ.மீ. உயரமுள்ள நீள்வட்ட முகம் ஒன்று தெரியும். நமக்கு வேண்டியது அந்த முகம்தான்.

கிளீவ்லாந்தில் பணியாற்றிய விங்கேட் டாட் 1920இல் இந்த முகத்தின் மாற்றங்களைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்தார். இன்று உலகெங்கும் பெரும்பாலும் பயன்படுவது சூச்சி, புரூக்ஸ் இருவரும் 1990இல் வெளியிட்ட ஆறு கட்ட முறை. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டப் பிணப்பரிசோதனை அலுவலகத்துக்கு வந்த, வயது பதிவான உடல்களிலிருந்து சேகரித்த எலும்புகளை வைத்து அதை உருவாக்கினார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மாதிரி அச்சுகள் கிடைக்கின்றன, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக. படத்தைப் பார்த்து ஒப்பிடுவதைவிட அச்சை அருகில் வைத்து ஒப்பிடுவது பல மடங்கு மேல். படத்தில் மேடுபள்ளம் ஏமாற்றும்.

விளக்கைத் தலைக்கு மேல் வைக்காதீர்கள். ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில், ஏறக்குறைய பரப்பை உரசுவதுபோலத் தாழ்த்திப் பிடியுங்கள். நிழல் விழுந்தால்தான் மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் தெரியும்.

இருபது வயதை ஒட்டியவரின் முகத்தில் குறுக்குவாட்டில் வரிவரியாக மேடும் பள்ளமும் ஓடும். சிறிய அளவில் உழுத வயல் அது. மேல்முனையும் கீழ்முனையும் எங்கே முடிகின்றன என்று சொல்ல முடியாதபடி பரப்பு அப்படியே சுற்றியுள்ள எலும்பில் கரைந்திருக்கும். இது முதல் கட்டம். இரண்டாம் கட்டத்தில் வரிகள் இன்னும் இருக்கும், ஆனால் முனைகள் உருப்பெறத் தொடங்கும். மேல்முனையில் சில சமயம் ஒரு தனி எலும்பு முடிச்சு ஒட்டியிருக்கும்.

மூன்றாம் கட்டத்தில் கவனிக்க வேண்டியது முன்பக்க விளிம்பை, அதாவது வயிற்றுப்பக்கம் பார்க்கும் விளிம்பை. அங்கே புது எலும்பு படிந்து வரப்புபோல எழும்பத் தொடங்கும். கீழிருந்தும் மேலிருந்தும் வளர்ந்து நடுவை நோக்கி வரும். பின்பக்கம் அதற்குள் சமதளமாகியிருக்கும். நான்காம் கட்டத்தில் வரிகள் மங்கி, பரப்பு நுண்மணல் படிந்ததுபோல ஆகும். ஒன்றிரண்டு வரிகளின் மிச்சம் கீழ்ப்பாதியில் தெரியலாம். சுற்றுவிளிம்பு ஏறத்தாழ முழுமை அடைந்திருக்கும். முன்பக்க விளிம்பின் மேல்பகுதியில் மட்டும் ஓர் இடைவெளி மிஞ்சியிருக்கலாம்.

இந்த இடைவெளியில்தான் புதியவர்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். வரப்பு இன்னும் கட்டி முடியாததால் உள்ள இடைவெளியா, கட்டி முடிந்த விளிம்பு வயதில் உடைந்ததால் வந்த இடைவெளியா? முதலாவது இளமையின் அடையாளம், இரண்டாவது முதுமையின் அடையாளம். இடைவெளியின் கரையைப் பாருங்கள். வழுவழுப்பாகச் சரிந்து பரப்போடு கலந்தால் அது கட்டப்படாத இடம். கரடுமுரடாக, உள்ளே சல்லடை போன்ற எலும்பு தெரிந்தால் உடைந்த இடம். அதோடு மற்ற அடையாளங்களும் ஒத்துப்போக வேண்டும். வரிகளின் சாயல் இன்னும் இருக்கும் முகத்தில் முதுமை உடைவு வருவதற்கு இடமில்லை.

ஐந்தாம் கட்டத்தில் விளிம்பு முழுவட்டமாகி, முகம் அதற்குள் சற்றே குழிந்து இருக்கும். பின்விளிம்பு உதடுபோல வெளியே நீளும். ஆறாம் கட்டத்தில் அந்த விளிம்பே அரிக்கத் தொடங்கும். முகம் முழுக்கத் துளைகள், ஒழுங்கற்ற வடிவம், முன்புறத்தில் தசைநார் பற்றியிருந்த இடங்களில் முள்முள்ளான எலும்பு.

இப்போது வயதுகளைப் பாருங்கள். ஆண்களுக்கு முதல் கட்டத்தின் வீச்சு 15 முதல் 23, இரண்டாவது 19 முதல் 34, மூன்றாவது 21 முதல் 46, நான்காவது 23 முதல் 57, ஐந்தாவது 27 முதல் 66, ஆறாவது 34 முதல் 86. பெண்களுக்கு நான்காம் கட்டம் 26 முதல் 70 வரை விரிகிறது. முதல் கட்டம் எட்டு ஆண்டுக்குள் அடங்குகிறது. கடைசிக் கட்டம் அரை நூற்றாண்டைத் தாண்டுகிறது. இது முறையின் குறையல்ல, உடலின் இயல்பு. இருபதில் எல்லோரும் ஏறத்தாழ ஒன்றுபோல வளர்கிறோம். ஐம்பதில் ஒருவர் மாதிரி இன்னொருவர் தேய்வதில்லை. உழைப்பு, எடை, நோய், பரம்பரை என்று பலவும் குறுக்கிடுகின்றன. அட்டவணையில் சராசரி என்று ஓர் எண்ணும் இருக்கும். நான்காம் கட்ட ஆணுக்கு அது 35.2. அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு "வயது 35" என்று எழுதும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

இன்னொரு பொறி, மண்ணும் விலங்கும் செய்யும் வேலை. முன்மூட்டு உள்ள பகுதி மெல்லிய ஓட்டுக்குள் சல்லடை எலும்பு. நாயும் நரியும் இடுப்பெலும்பைக் கடிக்கும்போது இந்த முனை சேதமாவது சகஜம். மண்ணின் அரிப்பும் முகத்தில் துளை போடும். வயதால் வந்த துளையின் ஓரம் வழுவழுப்பாக, சுற்றியுள்ள எலும்பின் அதே நிறத்தில் இருக்கும். இறந்த பின் வந்ததன் ஓரம் கூர்மையாக இருக்கும். அண்மைக் காலத்து உடைப்பாக இருந்தால் உள்ளே நிறமும் வெளிறித் தெரியும். சந்தேகம் என்றால் மறுபக்க எலும்பைப் பாருங்கள். வயது இரண்டு பக்கத்தையும் ஏறத்தாழ ஒரே மாதிரி தொடும்; மண் அப்படித் தொடுவதில்லை.

பின்மூட்டு: முன்மூட்டு இல்லாதபோது

இடுப்பெலும்பின் பின்புறம், முதுகுத்தண்டின் அடியில் உள்ள முக்கோண எலும்போடு பொருந்தும் இடத்தில் காது வடிவில் ஒரு பரப்பு உண்டு. இது தடித்த பகுதி. அதனால் முன்மூட்டு சிதைந்த பிறகும் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். 1985இல் லவ்ஜாயும் உடன் ஆய்வாளர்களும் இதை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார்கள். அவற்றில் பல ஐந்தைந்து ஆண்டுகள் கொண்டவை. அவ்வளவு நுணுக்கம் நடைமுறையில் நிற்கவில்லை. 2002இல் பக்பெரியும் சேம்பர்லெய்னும் எளிதான மாற்று ஒன்று தந்தார்கள். முழுப் பரப்பையும் ஒரே பார்வையில் ஒரு கட்டத்தில் போடாமல், ஐந்து குணங்களுக்குத் தனித்தனியாக மதிப்பெண் இட்டுக் கூட்டுவது.

குறுக்கு வரிகள் பரப்பில் எவ்வளவு மிஞ்சியுள்ளன என்பது முதல் குணம். இதற்கு 1 முதல் 5 வரை. பரப்பின் தன்மை இரண்டாவது. நுண்மணியாக இருந்தால் 1, பருமணியாகி, பிறகு பாதிக்கு மேல் இறுகி வழவழப்பாகிவிட்டால் 5. ஊசிமுனைத் துளைகள், ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய துளைகள், பரப்பின் முன்முனையில் விளிம்பு மாறியிருப்பது ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 3 வரை. கூட்டுத்தொகை 5க்கும் 19க்கும் இடையில் வரும். அது ஏழு கட்டங்களில் ஒன்றில் விழும்.

மதிப்பெண் முறையின் நன்மை, இரண்டு பேர் வேறுபட்டால் எங்கே வேறுபட்டார்கள் என்று தெரிந்துவிடும். ஆனால் வீச்சு சிறியதல்ல. மூன்றாம் கட்டத்தின் வீச்சு 16 முதல் 65. முன்மூட்டு நன்றாக இருந்தால் பின்மூட்டு அதை உறுதிப்படுத்த மட்டுமே.

மண்டையோட்டுத் தையல்கள்

மண்டையோட்டின் எலும்புகள் நெளிநெளியான கோடுகளில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வயதாக ஆக இந்தக் கோடுகள் எலும்பாக மூடி மறையும். பொதுவாக உட்புறம் முதலில் மூடும், வெளிப்புறம் பின்னர். பார்ப்பதற்கு எவ்வளவு தெளிவு! அதனாலேயே நூற்றாண்டுக்கும் மேலாக ஆட்களை ஏமாற்றி வருகிறது. முப்பதில் முற்றாக மூடியவர்களும் உண்டு, எழுபதிலும் திறந்தே இருப்பவர்களும் உண்டு. மெக்கெர்ன், ஸ்டூவர்ட் இருவரும் கொரியப் போர் எலும்புகளில் பார்த்தபோதும் தையல்கள் மூடுவதில் நம்பகமான ஒழுங்கு இல்லை என்றே முடிவுக்கு வந்தார்கள்.

ஆனாலும் மண்டையோடு மட்டுமே கிடைக்கும் வழக்குகள் உண்டு. அப்போது மைண்டில், லவ்ஜாய் இருவரும் 1985இல் தந்த முறையைப் பின்பற்றலாம். மண்டையோட்டின் வெளிப்புறத்தில் குறிப்பிட்ட பத்து இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு செ.மீ. நீளத்துக்கு மட்டும் பார்க்க வேண்டும். முழுதும் திறந்திருந்தால் 0, பாதி வரை மூடியிருந்தால் 1, பாதிக்கு மேல் மூடி, ஆனால் முழுவதும் மறையவில்லை என்றால் 2, கோடே தெரியாமல் மறைந்திருந்தால் 3. உச்சிக் கூரையின் ஏழு இடங்களை ஒரு தொகுதியாகவும், நெற்றிப்பொட்டைச் சுற்றிய ஐந்து இடங்களை இன்னொரு தொகுதியாகவும் கூட்ட வேண்டும். இரண்டு இடங்கள் இரு தொகுதிக்கும் பொது. நெற்றிப்பொட்டுத் தொகுதிதான் கூரையைவிடச் சற்று நம்பகமானது என்பது அவர்களின் முடிவு.

இங்கே நேரும் தவறுகளில் அதிகம், ஒரு செ.மீ. என்ற வரம்பை மறந்து கோட்டை நெடுகப் பார்ப்பது. அடுத்தது, பிறந்த சில மாதங்களிலேயே மூட வேண்டிய நெற்றி நடுக்கோடு சிலருக்கு வாழ்நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். அது வயதைப் பற்றி எதுவும் சொல்லாது. தலை படகுபோல நீண்டு ஒடுங்கியிருந்தால், நடு உச்சித் தையல் குழந்தைப் பருவத்திலேயே நோயால் மூடியிருக்கலாம். அத்தகைய மண்டையோட்டில் இந்த முறையையே கைவிட வேண்டும்.

ஓர் எலும்புக்கூட்டை முழுதாகப் பார்ப்போம்

பயிற்சிக்காக ஒன்றை அமைத்துக்கொள்கிறேன். ஆள் கற்பனை, மதிப்பெண்களும் அட்டவணைகளும் உண்மையான முறைகளுக்கு உரியவை.

இடுப்பெலும்பு ஆணுடையது. மேல்முகட்டுப் பட்டை முழுதாக ஒட்டிவிட்டது, கோடும் தெரியவில்லை. ஆகவே இருபதுகளின் தொடக்கத்தைத் தாண்டியவர். பற்களும் காரை எலும்பின் உள்முனையும் கிடைத்தால் இந்தக் கீழ்வரம்பை உறுதிப்படுத்தலாம். காரை எலும்பின் உள்முனை ஒட்ட இருபதுகளின் பிற்பகுதி ஆகும். நம் பையில் காரை எலும்பு இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

வலது முன்மூட்டின் முகம் நுண்மணலாக உள்ளது. பக்கவாட்டு வெளிச்சத்தில் கீழ்ப்பாதியில் இரண்டு வரிகளின் சாயல் தெரிகிறது. விளிம்பு முழுமை, முன்பக்க மேல்பகுதியில் மட்டும் சிறிய இடைவெளி, அதன் கரை வழுவழுப்பு. பின்விளிம்பில் மிகச் சிறிய உதடு. முகம் குழியவில்லை. இது நான்காம் கட்டம். வீச்சு 23 முதல் 57.

பின்மூட்டில் குறுக்கு வரிகள் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மிஞ்சியுள்ளன: 3. பாதிக்கு மேல் பருமணி, இறுகிய எலும்பு இல்லை: 3. ஊசித்துளைகள் ஒரு பாதியில் மட்டும்: 2. பெரிய துளைகள் இல்லை: 1. முனை மாறவில்லை: 1. கூட்டினால் 10. மூன்றாம் கட்டம், சராசரி ஏறத்தாழ 38, வீச்சு 16 முதல் 65.

மண்டையோட்டில் நெற்றிப்பொட்டுத் தொகுதியின் ஐந்து இடங்களுக்கு 1, 1, 1, 0, 0. கூட்டுத்தொகை 3. அட்டவணைப்படி சராசரி 41.1, திட்டவிலக்கம் 10. உச்சிக் கூரையின் தொகை 8, சராசரி 39.4, திட்டவிலக்கம் 9.1.

எண்கள் நான்கையும் பார்த்தால் 35, 38, 41, 39. எவ்வளவு அழகாக ஒத்துப்போகின்றன என்று தோன்றும். நான்கையும் கூட்டி நான்கால் வகுத்து "38 வயது" என்று எழுதக் கை துறுதுறுக்கும். கையைக் கட்டுங்கள். நடுவயதினரின் எலும்பில் எந்த முறையைப் போட்டாலும் சராசரி முப்பதுகளின் பிற்பகுதியை ஒட்டித்தான் வரும். ஒத்துப்போவதால் துல்லியம் கூடிவிடாது. ஒவ்வொன்றின் பின்னாலும் பல பத்தாண்டுகள் கொண்ட வீச்சு நிற்கிறது. அந்த வீச்சுகளின் பொதுப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதும் இதே தவறின் இன்னொரு வடிவம். அதிகம் நம்பத்தக்க முறையை முன்னே வைத்து, மற்றவை அதை மறுக்கின்றனவா என்று பார்ப்பதுதான் சரி. இங்கே எதுவும் மறுக்கவில்லை.

எனவே நான் எழுதுவது: "வளர்ந்த ஆண். வயது 23 முதல் 57க்குள் இருக்கலாம். 30 முதல் 45 வரை இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்." காவல் துறையின் பட்டியலில் 19 வயது இளைஞர், 28, 47, 72 வயதினர் என்று நான்கு பேர் இருந்தால் முதலாமவரையும் கடைசியானவரையும் நீக்கலாம். 28ஐயும் 47ஐயும் நீக்க முடியாது. 30 முதல் 45 என்ற குறுகிய வீச்சுக்கு வெளியே இருக்கிறார்கள் என்பதற்காக அவர்களைத் தள்ளிவிட்டால் வழக்கே தடம் மாறிவிடும். அவர்களில் யார் என்பதைப் பற்களும் டி.என்.ஏ.வும் சொல்லட்டும்.

லண்டன் சவப்பெட்டிகள் காட்டியது

இப்படி விரித்து எழுதினால் விசாரணை அதிகாரி சலித்துக்கொள்வார். அவருக்குச் சொல்லப் பொருத்தமான ஆய்வு ஒன்று இருக்கிறது. லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் உள்ள கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்தின் நிலவறையை 1984 முதல் 1986 வரை காலி செய்தார்கள். அங்கே 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அடக்கம் செய்யப்பட்டவர்கள் இருந்தார்கள். முந்நூற்றுக்கும் மேற்பட்ட சவப்பெட்டிகளில் பெயரும் வயதும் பொறித்த தகடுகள் எஞ்சியிருந்தன. ஆய்வாளர்கள் தகட்டைப் பார்க்காமல் எலும்பிலிருந்து வயதைக் கணித்தார்கள். பிறகு தகட்டோடு ஒப்பிட்டார்கள்.

ஐந்து ஆண்டுக்குள் நெருங்கி வந்தவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதைவிட முக்கியமானது பிழை எந்தத் திசையில் சென்றது என்பது. இளையவர்களுக்கு வயதைக் கூட்டிச் சொன்னார்கள்; முதியவர்களுக்குக் குறைத்துச் சொன்னார்கள். இரண்டு முனைகளும் நடுவை நோக்கி இழுபட்டன. முதியவர்கள் குறைவாக உள்ள ஒரு தொகுதியில் உருவான அட்டவணையை வைத்துப் பார்த்தால், எல்லா எலும்புக்கூடும் அந்தத் தொகுதியின் சாயலில்தான் தெரியும். 2002இல் போல்ட்சன், மில்னர் முதலியோர் முன்வைத்த புள்ளியியல் முறை இந்தச் சாய்வைக் குறைக்க முயல்கிறது. அதற்குக் கணினி நிரல் உண்டு. அடிப்படைக் கட்டங்களைக் கண்ணால் பிரிக்கத் தெரிந்த பிறகு அதற்குப் போகலாம்.

முதியவர் விஷயத்தில் இதன் நடைமுறைப் பொருள் எளிது. ஆறாம் கட்ட முன்மூட்டும், பெரிய துளைகள் நிறைந்த பின்மூட்டும், மறைந்துபோன தையல்களும் சேர்ந்து வந்தால் மேல்வரம்பை எழுதாதீர்கள். "50 வயதுக்கு மேற்பட்டவர்" என்று திறந்து விடுங்கள். அறுபத்தைந்தில் வரம்பு கட்டினால் எண்பது வயது மூதாட்டியைத் தேடும் குடும்பத்துக்கு அந்த அறிக்கை கதவை அடைத்துவிடும்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே சொன்ன அட்டவணைகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய எலும்புகளிலிருந்து வந்தவை. கட்டங்கள் வரும் வரிசை எங்கும் ஒன்றே. எந்த வயதில் வருகின்றன என்பது மாறலாம். எனவே எந்த மக்கள்தொகையின் அட்டவணையைப் பயன்படுத்தினீர்கள் என்பதை அறிக்கையில் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்.

அறிக்கையில் எழுத வேண்டியவை

எந்தெந்த எலும்பு கிடைத்தது, எது சிதைந்திருந்தது என்பதை முதலில் எழுதுங்கள். பிறகு நீங்கள் கண்டதை எழுதுங்கள், முடிவை அல்ல: "முன்பக்க விளிம்பின் மேல்பகுதியில் இடைவெளி, கரை வழுவழுப்பு" என்பதுபோல. அப்போதுதான் இன்னொரு நிபுணர் அதே எலும்பைப் பார்த்து உங்களோடு ஒத்துப்போகிறாரா என்று சொல்ல முடியும். முறையின் பெயர், கட்டம், அட்டவணையின் வீச்சு, கடைசியாக உங்கள் மதிப்பீடு. மதிப்பீட்டில் அகன்ற வீச்சை முதலில் வைத்து, குறுகியதை அடுத்து வைக்க வேண்டும். நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை வரும்போது, "23 வயதாக இருக்க வாய்ப்பே இல்லையா?" என்று கேட்பார்கள். அட்டவணையின் கீழ்வரம்பு 23 என்றால், வாய்ப்பு குறைவு, ஆனால் உண்டு என்பதுதான் பதில்.

முன்மூட்டு முகங்கள் இரண்டையும் அளவுகோல் அருகில் வைத்து, நேர் வெளிச்சத்தில் ஒன்றும் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்றுமாகப் படம் எடுத்துவிடுங்கள். எலும்பைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அந்த முகங்களின் அச்சையும் எடுத்து வைத்தால் நல்லது. வழக்கு விசாரணைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் எலும்பு தகனமோ அடக்கமோ ஆகிவிட்டிருக்கும்.